ஆயிரம் நூல் பெட்ஷீட்டை எடை போட்டுப் பார்த்தால்

இரண்டு வருடத்துக்கு முன்னால், அட்டையில் ‘1000 த்ரெட் கவுன்ட், முழுப் பருத்தி’ என்று அச்சிட்டிருந்த பெட்ஷீட் ஒன்றை வாங்கினேன். கடையில் தொட்டபோது கை வழுக்கிக்கொண்டு போனது. ஆறே மாதத்தில் தலைமாட்டில் பொடிப்பொடியாகப் பஞ்சு உருண்டைகள் கிளம்பிவிட்டன. மே மாத இரவுகளில் அதன்மேல் படுத்தால் முதுகு நனைந்தது. அம்மா பன்னிரண்டு வருடமாகத் துவைத்துத் துவைத்துப் போடும் பழைய பருத்தி விரிப்போ இன்னும் உருண்டை கட்டாமல் சில்லென்று இருக்கிறது. காரணம் புரியாமல் ஒரு நாள் இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்தேன்.

இரண்டும் 90-க்கு 100 அங்குலம், அதாவது சுமார் 5.8 சதுர மீட்டர். பழையது 710 கிராம், புதியது 1,420 கிராம். பரப்பால் வகுத்தால் பழையது சதுர மீட்டருக்கு 122 கிராம், புதியது 244. இந்த எண்ணைத்தான் துணிக்காரர்கள் ஜிஎஸ்எம் என்கிறார்கள். த்ரெட் கவுன்ட் சொல்வது வேறு. ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கே ஓடும் பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை, இரண்டையும் கூட்டினால் வரும் எண் அது. நூல் எவ்வளவு மெல்லியது என்பதை அது சொல்லாது. அதற்கு நூலின் நம்பர் வேண்டும்.

ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 840 கெஜ நீளமுள்ள நூல் 40 கிடைத்தால் அது 40-ஆம் நம்பர் நூல். 100 கிடைத்தால் 100-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இதிலிருந்து வீட்டிலேயே போடக்கூடிய ஒரு கணக்கு கிடைக்கிறது: த்ரெட் கவுன்ட்டை 23-ஆல் பெருக்கி நூல் நம்பரால் வகுத்தால், ஏறத்தாழ ஜிஎஸ்எம் வந்துவிடும். நூல் நேராக ஓடாமல் மேலும் கீழும் நெளிந்து போவதால் உண்மையான எடை ஐந்தாறு சதவீதம் கூடும்.

பழைய விரிப்பில் லென்ஸ் வைத்து எண்ணினேன். பாவு 110, ஊடை 90, ஆக 200. நாற்பதாம் நம்பர் நூல் என்று வைத்தால் 115 வருகிறது. நெளிவையும் சேர்த்தால் தராசு சொன்ன 122-க்கே வந்து நிற்கிறது. சரி, புதியது? ஆயிரம் நூல், நூறாம் நம்பர் என்று வைத்தால் 230, நெளிவோடு 244. அட்டை பொய் சொல்லவில்லை. அத்தனை பஞ்சும் உள்ளே இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் இடம் எங்கே இருக்கிறது? நூறாம் நம்பர் நூலின் தடிமன் சுமார் 0.09 மில்லிமீட்டர். துளி இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாலும் ஓர் அங்குலத்தில் 280 நூல்தான் நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 560. நெய்யும்போது குறுக்கு நூல் நுழைந்து வர இடைவெளி விட வேண்டும் என்பதால் சாதா நெசவில் அதுகூட வராது.

விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, ஊசி முனையால் நூலை உருவிப் பார்த்தேன். பாவு ஒவ்வொன்றாக வந்தது, அங்குலத்துக்கு 200. ஊடையை உருவினால் ஒன்று வரவில்லை, எட்டு நூல் ஒரு கற்றையாக வந்தது. அவற்றுக்குள் முறுக்கே இல்லை, விரலால் தள்ளியதும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. தறியில் ஒரே வழியில் எட்டு நூலைச் சேர்த்து விட்டிருக்கிறார்கள். இப்படி அங்குலத்துக்கு 100 கற்றை, கற்றைக்கு எட்டு, ஆக 800. பாவோடு சேர்த்தால் ஆயிரம். துணியின் கட்டமைப்பைப் பார்த்தால் 300 இடங்களில்தான் நூல் ஓடுகிறது.

என் விரிப்பு ஏன் உருண்டை கட்டியது என்பது அந்தக் கற்றையைக் கையில் வைத்திருந்தபோதுதான் புரிந்தது. முறுக்கோ பிடிப்போ இல்லாத மெல்லிய நூல்கள் ஒன்றோடொன்று உரசி நழுவுகின்றன. குட்டை இழைகள் வெளியே வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. கற்றை பரவி இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடுவதால் காற்றும் வியர்வையும் வெளியேற வழியில்லை. கடையில் தொட்ட வழுவழுப்பில் ஒரு பங்கு சிலிக்கோன் பூச்சு, சில சலவையில் அது போய்விடும்.

இழைகளை எண்ணும் தகராறு வேறு வடிவிலும் உண்டு. இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிய நூலை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும் என்பது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தர முறை. இழைகளைத் தனித்தனியாக எண்ணி விளம்பரம் செய்தால் வாங்குபவர்கள் ஏமாறக்கூடும் என்று அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2005-இல் கருத்துச் சொன்னது. நம் ஊர் ஈரிழைத் துண்டை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு இழை என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது நான் விரிப்பு வாங்கினால், ஒற்றை நூலில் 200 முதல் 400 வரை உள்ளதைத்தான் தேடுகிறேன். அதைவிட முக்கியம் பஞ்சின் நீளம். நீளமான இழை குறைவான முனைகளோடு நூலுக்குள் அடங்கிக் கிடக்கும், அதனால் உருண்டை கட்டாது, நூலும் வலுவாக இருக்கும். கோயம்புத்தூரில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் பருத்திக்கு இன்றும் மவுசு இருப்பது இதனால்தான். சீப்பு போட்டுக் குட்டை இழைகளை நீக்கிய ‘கோம்ப்டு’ நூல் என்றால் நல்லது. அப்புறம் நெசவு. ஒன்று விட்டு ஒன்று பின்னிய சாதா நெசவு கரகரப்பாகவும் குளுமையாகவும் இருக்கும், நாள்பட மென்மையாகும். சாட்டின் நெசவில் நூல் பல நூல்களைத் தாண்டி மேலே மிதப்பதால் பளபளப்பும் வழுவழுப்பும் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் உரசித் தேயும்.

துண்டுக்கு வந்தால் த்ரெட் கவுன்ட்டுக்கு வேலையே இல்லை, ஜிஎஸ்எம்தான் பேசும். ஒரு வசதியும் இருக்கிறது. 70-க்கு 140 சென்டிமீட்டர் டர்க்கி டவல் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். அதன் எடை 500 கிராம் என்றால் அதுதான் ஜிஎஸ்எம். டர்க்கி டவலில் அடித்துணியின் பாவு, ஊடை தவிர, தளர்வாக விட்ட இன்னொரு பாவு வளையம் வளையமாக மேலே எழும்பி நிற்கும். தண்ணீரை முதலில் தொடுவது அந்த வளையங்கள்தான். வளையம் நீளமாகவும் நெருக்கமாகவும் இருந்தால் எடை கூடும், கொள்ளும் தண்ணீரும் கூடும். ஆனால் எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பது வளைய நூலின் முறுக்கையும் அதன்மேல் பூசியிருப்பதையும் பொறுத்தது. முறுக்குக் குறைந்தால் இழைகளுக்கிடையே தண்ணீர் சட்டென ஏறும், தொடவும் மென்மை. பதிலுக்குப் பஞ்சு உதிரும், வளையமும் எளிதாக இழுபடும். அப்படி ஒரு வளையம் நீண்டுவிட்டால் இழுக்காதீர்கள், கத்தரியால் நறுக்கிவிடுங்கள். அடித்துணிதான் துண்டைத் தாங்குகிறது, ஒரு வளையம் போனால் பரவாயில்லை.

புது டவல் தண்ணீரை ஒத்தாமல் முதுகில் தள்ளிக்கொண்டே போவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மென்மைக்காகப் போட்ட பூச்சுதான் காரணம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு விநாடியில் காணாமல் போனால் நல்லது; முத்து மாதிரி நின்றால் பூச்சு இருக்கிறது. மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கள் வீட்டில் 650 ஜிஎஸ்எம் டவல் ஒன்று இருக்கிறது. குளித்துவிட்டுப் போர்த்திக்கொள்ள அது சுகம்தான். ஆனால் ஐப்பசி மழையில் மறுநாள் காலைவரை ஈரம் போகாமல் வாடை அடிக்கிறது. 400-க்குள் இருக்கிற மற்றொன்றைக் கொடியில் போட்டால் அதே நாள் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் கனமானதை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறேன்.