மேலாளர் முன் ஒரு வரைபடம்: கருத்தாய்வு முடிவைத் திரிக்காமல் காட்டுவது எப்படி?

வடசென்னையில் தெருமுனைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் லாரி வரும் நேரத்தை முன்கூட்டியே செல்பேசியில் அறிவிக்கும் திட்டம் ஒன்றை ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். திட்டம் தொடங்குவதற்கு முன் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பகுதிகளில் 400 வீடுகளிலும், ஓராண்டு கழித்து அதே பகுதிகளில் வேறு 400 வீடுகளிலும் "தண்ணீர் பிடிப்பதில் சிரமம் உண்டா?" என்று கேட்கிறார்கள். சிரமமில்லை என்றவர்கள் முதல் ஆண்டில் 240 பேர், அடுத்த ஆண்டில் 270 பேர். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட இந்த எண்களின்படி, 60 சதவீதம் 67.5 சதவீதமாகியிருக்கிறது. திட்டத்தை எண்ணூர் வரை விரிவாக்கலாமா என்பதே மேலாளர் முடிவு செய்ய வேண்டிய கேள்வி. அவருக்குப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் முன் வைக்கப்படும் படத்தில் அது முழுமையாக இருக்க வேண்டும்.

முதல் சோதனை செங்குத்து அச்சில் வருகிறது. கணினி மென்பொருள் பல நேரங்களில் அச்சைத் தானாகவே 55இல் தொடங்கிவிடும். அப்போது முதல் பட்டையின் உயரம் 5 அலகு, இரண்டாவதன் உயரம் 12.5 அலகு, ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டரை மடங்காகக் கண்ணில் படும். கீழே எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கும் முன்பே மனம் உயரத்தைப் படித்துவிடுவதால், ஓரத்தில் ஒரு குறிப்பு சேர்ப்பது இதற்குப் பரிகாரமாகாது. பட்டை வரைந்தால் பூஜ்ஜியத்திலிருந்து வரைய வேண்டும். சிறிய வேறுபாட்டை நெருக்கமாகக் காட்ட வேண்டுமென்றால் பட்டையைக் கைவிட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளியும் அதன் இருபுறமும் ஒரு கோடும் வரையலாம். புள்ளியைப் படிப்பவர் அதன் இடத்தைத்தான் பார்க்கிறார், உயரத்தை அல்ல.

அந்தக் கோடுதான் நம்பிக்கை இடைவெளி. 400 வீடுகளில் 60 சதவீதம் என்றால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 55.2 முதல் 64.8 வரை, 67.5 சதவீதத்துக்கு 62.9 முதல் 72.1 வரை. "உண்மை மதிப்பு இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 95 என்ற எண் கணக்கிடும் முறையைப் பற்றியது. இதே முறையில் மறுபடி மறுபடி வீடுகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி கணக்கிட்டால், நூற்றில் சுமார் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கியிருக்கும். மேலாளரிடம் "வேறு 400 வீடுகள் நம் கையில் கிடைத்திருந்தாலும் விடை இவ்வளவு அசைந்திருக்கலாம்" என்று சொன்னால் போதும். அதில் பொய் இல்லை.

இரண்டு கோடுகளும் 62.9க்கும் 64.8க்கும் இடையில் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. அதைப் பார்த்தவுடன் கூட்டத்தில் யாராவது "அப்படியானால் வித்தியாசமே இல்லை" என்பார். இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு இது. வேறுபாட்டுக்கென்று தனி இடைவெளி உண்டு. ஒவ்வோர் ஆண்டின் இடைவெளியிலும் பாதி நீளத்தை 1.96ஆல் வகுத்தால் வருவது அந்த ஆண்டின் திட்டப்பிழை. இரு ஆண்டுகளின் திட்டப்பிழைகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 3.4 வருகிறது, அதை 1.96ஆல் பெருக்கினால் சுமார் 6.6. ஆகவே உயர்வு 7.5 சதவீதப் புள்ளி, அதன் இடைவெளி 0.9 முதல் 14.1 வரை. பூஜ்ஜியம் இதற்குள் இல்லை, அதாவது உயர்வே இல்லை என்பது இந்தத் தரவுடன் பொருந்தவில்லை. கேள்வி வேறுபாட்டைப் பற்றியது என்றால் வரைபடத்தில் வேறுபாட்டையே ஒரு புள்ளியாகவும் கோடாகவும் வரைந்து, பூஜ்ஜியத்தில் ஒரு செங்குத்துக்கோடு போட்டுக் காட்டுவதே நேர்மையான வழி என்பேன்.

இந்த இடத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த 400 வீடுகள் எப்படிக் கிடைத்தன என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் 20 தெருக்களைத் தேர்ந்தெடுத்து, தெருவுக்கு 20 வீடுகள் வீதம் சென்றார்கள். ஒரே தெருவிலுள்ளவர்கள் ஒரே தொட்டியிலிருந்து, ஒரே லாரியை நம்பித் தண்ணீர் பிடிப்பவர்கள். லாரி உள்ளே நுழைய முடியாத சந்தில் 20 பேரும் சிரமம் என்றே சொல்வார்கள். இருபதாவது வீடு புதிதாகச் சொல்வது மிகக் குறைவு. இப்படித் தெருத்தெருவாகக் கொத்துக்கொத்தாக வீடுகளைத் தேர்ந்தெடுப்பதைக் கொத்து மாதிரி என்பார்கள். மேலே செய்த கணக்கு அதை மறந்துவிட்டது.

புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் இந்த இழப்பை அளக்க ஓர் எளிய சூத்திரம் தந்தார்:

```
deff = 1 + (m − 1) × ρ
```

இதில் deff என்பது கொத்தாகத் தேர்ந்தெடுத்ததால் மாதிரியின் தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்பது. m என்பது தெருவுக்கு எத்தனை வீடு என்பது. ρ என்பது அக்கம்பக்கத்து விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. ρ வெறும் 0.05 என்றாலும் 1 + 19 × 0.05 = 1.95. அதாவது 400 வீடுகள் ஏறத்தாழ 205 வீடுகளுக்கு உரிய தகவலையே தருகின்றன. இடைவெளி 1.95இன் வர்க்கமூலமான 1.4 மடங்கு விரிகிறது, 6.6 என்பது 9.3 ஆகிறது. இப்போது உயர்வின் இடைவெளி −1.8 முதல் 16.8 வரை. பூஜ்ஜியம் உள்ளே வந்துவிட்டது. ஒரே தரவு, ஒரே சராசரி. தெருக்களைக் கணக்கில் கொண்டதும் முடிவின் வலிமை மாறிவிட்டது.

ρவின் சரியான மதிப்பைத் தரவிலிருந்தே கணக்கிடலாம். ஆனால் மேலாளரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. முதல் ஆண்டின் 20 தெருக்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் 20க்கு எத்தனை பேர் சிரமமில்லை என்றார்கள் என்று குறியுங்கள். வீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் பெரும்பாலான தெருக்கள் 8 முதல் 16க்குள் விழும். ஒரு தெருவில் 3, அடுத்ததில் 19, இன்னொன்றில் 5 என்று சிதறியிருந்தால் தெருவே விடையைத் தீர்மானிக்கிறது என்று பொருள்.

இடைவெளி எவ்வளவு விரிந்தாலும் அதற்குள் அடங்காத பிழை ஒன்று உண்டு. முதல் ஆண்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்றதால் பூட்டிய வீடுகள் மிகச் சில. இரண்டாம் ஆண்டில் வேலைநாள் முற்பகலில் சென்றதால் 500 கதவுகளில் 100 பூட்டியிருந்தன என்று கொள்வோம். பகலில் வீட்டில் இருப்பவருக்கு லாரி வரும்போது குடத்துடன் போய் நிற்க முடியும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கோ துறைமுக வேலைக்கோ போனவருக்கு முடியாது. பூட்டிய 100 வீடுகளில் 45 பேர்தான் சிரமமில்லை என்றிருப்பார்கள் என்றால் மொத்தம் 500க்கு 315, அதாவது 63 சதவீதம், 7.5 புள்ளி உயர்வு 3 ஆகச் சுருங்குகிறது. "சில வீடுகளில் பதில் கிடைக்கவில்லை" என்ற பொதுவான அடிக்குறிப்பு மேலாளருக்கு எதையும் சொல்வதில்லை. பிழை எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு இழுக்கக்கூடும் என்ற இரண்டும் உள்ள குறிப்பே பயன்படும்.

ஆகவே நான் அந்தப் பக்கத்தின் தலைப்பை இப்படி எழுதுவேன்: "சிரமமில்லை என்போர் 7.5 புள்ளி கூடியிருக்கலாம். சற்றுக் குறைந்திருப்பதும் 16 புள்ளிக்கு மேல் கூடியிருப்பதும் இந்தத் தரவுடன் பொருந்தும்." அதன் கீழ் வேறுபாட்டின் புள்ளியும் கோடும். அதற்கும் கீழ், அதே அளவு எழுத்தில், பூட்டிய வீடுகள் இந்த உயர்வை மிகைப்படுத்தியிருக்க வாய்ப்பு உண்டு என்பதும், அது 3 புள்ளியாகச் சுருங்கக்கூடும் என்ற கணக்கும். மழை நன்றாகப் பெய்து புழல் ஏரி நிரம்பிய ஆண்டாக இருந்தால், ஒப்பிட வேறு பகுதி இல்லாததால் உயர்வுக்குத் திட்டம்தான் காரணமா என்று சொல்ல முடியாது என்ற ஒரு வரியும் வேண்டும்.

"அப்படியானால் விரிவாக்கலாமா, வேண்டாமா?" என்று மேலாளர் கேட்பது நியாயம். எண்ணூரில் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கி, தொடக்கத்திலும் ஓராண்டு கழித்தும் அதே தெருக்களில், இரு முறையும் ஞாயிற்றுக்கிழமையில் கேட்கலாம். திட்டம் வராத பக்கத்துப் பகுதியிலும் கூடவே கேட்க வேண்டும். 20 தெருக்களில் 20 வீடு என்பதை 40 தெருக்களில் 10 வீடு என்று மாற்றினால், அதே 400 வீடுகளுக்கு deff 1.45 ஆகக் குறைந்து 9.3 என்ற விரிவு 8 ஆகிறது. கூடுதல் செலவு, கணக்கெடுப்பாளர்கள் இன்னும் 20 தெருக்களுக்குப் போய்வரும் ஆட்டோ கட்டணமும் நேரமும்தான்.