ஒரு தாக்குதலின் 24 நொடி

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளி மைதானம். சிமெண்ட் தரை, ஓரத்தில் தென்னைகள், சாயங்கால கூடைப்பந்து ஆட்டம். நாலு பாயிண்ட் முன்னால் இருந்த அணி பந்தைச் சும்மா கைமாற்றிக்கொண்டே நின்றது. பார்த்துச் சலித்த ஒரு பையன் போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, வெளியிலிருந்தே நொடிகளை எண்ணிக் கத்த ஆரம்பித்தான். ஆட்டம் மாறிவிட்டது.

பந்து கிடைத்த அணி எத்தனை நொடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று எண்ணும் ஷாட் கிளாக், அமெரிக்காவிலும் இந்தச் சலிப்பில்தான் பிறந்தது. 1950 நவம்பரில் அங்குள்ள தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஆட்டம் ஒன்று 19-18 என்று முடிந்தது. ஃபோர்ட் வெய்ன் அணி, மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்குப் பந்தே கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொண்டது. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் ஒரு எளிய கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை ரிங்கை நோக்கி எறிகின்றன. 48 நிமிடம் என்றால் 2880 நொடி. வகுத்தால் 24. 1954இல் அது விதியானது. உலக விதிகளில் 30 நொடியாக இருந்து, 2000இல் 24 ஆனது.

ஆனால் கடிகாரம் மட்டும் இருந்தால், 20 நொடி சும்மா நின்றுவிட்டுக் கடைசியில் எறியலாமே? அதைத் தடுக்க இன்னும் இரண்டு விதிகள் உண்டு. ஒரே ஒரு தாக்குதலை எடுத்துக்கொண்டால் மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது புரியும்.

எதிரணி கூடை போட்டுவிட்டது. நம் ஆள் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே தருகிறான். இன்னொருவன் அதைத் தொட்டதும் 24 ஓடத் தொடங்குகிறது. 8 நொடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும், அதாவது கடிகாரம் 16க்கு வருவதற்குள். பந்தைத் தரையில் தட்டி டிரிபிள் செய்தபடி வருகிறவன் 18இல் கோட்டருகே ஒரு காலை எதிரணிப் பாதியான முன்பக்கம் வைக்கிறான். இரண்டு பேர் அவனை மறிக்கிறார்கள். சட்டென்று பின்வாங்குகிறான். கோட்டைத் தாண்டியவன் திரும்பிவிட்டான் என்று நினைத்து "பேக் கோர்ட்!" என்று பார்வையாளர்கள் கத்துவார்கள், ரெஃப்ரி ஊதமாட்டார். டிரிபிள் செய்கிறவனுக்கு இரண்டு கால், பந்து என மூன்றும் முன்பக்கத் தரையைத் தொட்டால்தான் அவன் தாண்டியதாகக் கணக்கு. உள்ளூர் ஆட்டங்களில் அதிகம் தகராறு வருவது இந்த இடத்தில்தான்.

17இல் மூன்றும் தாண்டிவிட்டன. இனி அந்தக் கோடு சுவர்தான்; பந்தோடு திரும்பிப் போக முடியாது. 28 மீட்டர் நீள மைதானம் 14 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அதற்குள் பத்துப் பேர். பின்னால் போக வழியில்லாததால், மறித்தால் பாஸ் வாங்க யாராவது பக்கவாட்டில் ஓடி வரத்தான் வேண்டும்.

சரி, உயரமான ஒருவனை ரிங்கடியிலேயே நிறுத்திப் பந்தைத் தூக்கிப் போட்டால்? அதற்குத்தான் மூன்று நொடி விதி. ரிங்குக்கு முன்னால் 4.9 மீட்டர் அகலம், 5.8 மீட்டர் நீளம் உள்ள கட்டத்துக்குள், பந்து தன் அணியிடம் முன்பக்கத்தில் இருக்கும்போது, அவன் தொடர்ந்து மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. கட்டத்தின் கோடும் கட்டம்தான். ஒரு கால் அதில் இருந்தாலும் எண்ணிக்கை ஓடும். "எடே, வெளிய வா!" என்று பயிற்சியாளர் கத்துவது இதற்காக. 14இல் உள்ளே வந்தவன், பந்து வராததால் 12இல் மறுபக்கம் வெளியேறுகிறான். அவனைக் காவல் காத்தவன் கூடவே இழுபட்டுப் போகிறான். ரிங்கடியில் இடைவெளி விழுகிறது. இந்த விதியின் சூட்சுமமே அதுதான் என்பேன்: உயரமானவனை விரட்டுவதுபோல் தெரிந்தாலும், அது மற்றவர்களுக்கு வழி திறந்துவிடுகிறது.

அந்த இடைவெளியில் ஒருவன் பாய்ந்து, 4 நொடி மிச்சமிருக்கும்போது எறிகிறான். பந்து கையை விட்டதும் மூன்று நொடிக் கணக்கு நின்றுவிடும். அந்த நேரம் பந்து யாருடைய வசமும் இல்லை. அதனால்தான் தவறித் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டைப் பிடிக்க முண்டுகிறவர்கள் கட்டத்துக்குள் எத்தனை நேரம் நின்றாலும் குற்றமில்லை.

பந்து ரிங்கில் பட்டுத் திரும்பி, அதே அணியிடமே வருகிறது. கடிகாரம் 14க்குப் போகும். முழு 24 கிடையாது. ஏற்கெனவே முன்பக்கத்தில் இருப்பவர்களுக்கு நடுக்கோட்டைத் தாண்டும் வேலை இல்லையே! எதிரணி எடுத்தால்தான் புதிதாக 24. ரிங்கைத் தொடாமல் விழுந்த பந்தை அதே அணி எடுத்தால், 4 நொடியிலிருந்தே எண்ணிக்கை தொடரும். நேரம் முடிந்து கடிகாரத்தின் ஒலி எழும்போது எறிந்த பந்து காற்றில் இருந்தால் ஆட்டம் உடனே நிற்காது. கூடைக்குள் போனால் பாயிண்ட் உண்டு.

அன்றைய ஸ்டாப்வாட்ச் பையன் தவறியது இங்கேதான். ரிங்கைத் தொடாத பந்துக்கும் அவன் 24இலிருந்து எண்ணத் தொடங்க, "லேய், ரிங்குல பட்டுச்சா, நீ பாத்தியா?" என்று மைதானம் முழுக்க அவனைச் சூழ்ந்துகொண்டது.