A-ஐ மாற்றியவர் φ-ஐயும் மாற்ற வேண்டும்

ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளைப் பகுதிகளிலிருந்து பௌதிகவியல் பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு மின்காந்தவியல் கற்பித்து வருகிறேன். அவர்களின் விடைத்தாள்களில் காவி அழுத்தம் A-ஐ மாற்றிவிட்டு மின்னழுத்தம் φ-ஐ மாற்றாமல் விடும் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. சாதாரணச் சோதனைகளில் அது அகப்படுவதில்லை என்பதால் அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மின்னழுத்தத்தின் பூச்சியத்தை எங்கு வைத்தாலும் மின்புலம் E மாறாது என்பதை உயர்தரத்திலேயே கற்றுவிடுகிறோம். பிதுருதலாகல மலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து 2524 மீற்றர். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து அளந்தால் அது 656 மீற்றர். எண் மாறினாலும் மலையின் சரிவு மாறுவதில்லை. இந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் உதவும். ஏனெனில் இங்கே எல்லா இடத்துக்கும் ஒரே மாறிலிதான் கூட்டப்படுகிறது. காவி அழுத்தம் A-யும் சேரும்போது நமக்குள்ள சுதந்திரம் இதைவிடப் பெரியது: இடத்துக்கு இடமும் நேரத்துக்கு நேரமும் மாறும் χ என்ற எந்தச் சார்பையும் நாமே தெரிவு செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான், A, φ இரண்டிலும் மாற்றங்களைச் சேர்த்தே செய்ய வேண்டும்.

```
B = ∇×A        E = −∇φ − ∂A/∂t
A' = A + ∇χ    φ' = φ − ∂χ/∂t
```

ஒரு படித்திறனின் சுருள் எப்போதும் பூச்சியம் என்பதால் ∇χ-ஐக் கூட்டுவது B-யைத் தொடுவதில்லை. E-இல் மாற்றப்பட்ட A-யிலிருந்து −∂(∇χ)/∂t என்ற உறுப்பும் மாற்றப்பட்ட φ-இலிருந்து +∇(∂χ/∂t) என்ற உறுப்பும் வருகின்றன. இடம், நேரம் சார்ந்த வகையீடுகளை எந்த வரிசையில் செய்தாலும் விடை ஒன்றே என்பதால் இவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

இப்போது ஒரு நீண்ட வரிச்சுருளை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே அச்சுத் திசையில் B = bt என்று சீராக வளரும் காந்தப்புலம் இருக்கட்டும்; b-இன் பெறுமானம் செக்கனுக்கு 0.2 ரெஸ்லா. அச்சைச் சுற்றிச் சமச்சீரான தெரிவு A = (bt/2)(−y, x, 0), φ = 0 ஆகும். இதிலிருந்து E = (b/2)(y, −x, 0) கிடைக்கிறது. கணக்கு சுருக்கமாகும் என்று மாணவர் லண்டாவின் தெரிவான A' = (0, btx, 0)-க்கு மாறுகிறார். அது தவறல்ல; χ = btxy/2 என்று எடுத்தால் அந்த A' சரியாகவே வரும். ஆனால் அதே χ, φ' = −bxy/2 என்றும் கேட்கிறது. அதை மறந்து φ-ஐப் பூச்சியமாகவே விட்டால் E = (0, −bx, 0) என்று கிடைக்கும்.

"ரெண்டு விடையும் ஃபரடே விதிக்குச் சரியா வருதே சேர், அப்ப எது பிழை?" என்று ஒரு மாணவி கேட்டார். மிக நல்ல கேள்வி அது. இரண்டின் சுருளும் −b தான், இரண்டின் விரிவும் பூச்சியந்தான். 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தைச் சுற்றிக் கூட்டினால் மின்னியக்க விசை இரண்டிலும் ஏறத்தாழ 6.3 மில்லிவோல்ட் என்றே வரும். ஆகவே முழுச் சுற்றுக்கான மின்னியக்க விசையை மட்டும் கேட்கும் வினாவில் இந்தப் பிழைக்கும் முழுப் புள்ளி கிடைத்துவிடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் புலத்தைக் கேட்டால்தான் வேறுபாடு தெரியும். x அச்சில் 10 சென்ரிமீற்றர் தொலைவில் சரியான புலத்தின் பருமன் மீற்றருக்கு 0.01 வோல்ட், பிழையான விடை 0.02 என்கிறது. y அச்சில் அதே தொலைவில் சரியான விடை மீண்டும் 0.01, பிழையான விடையோ பூச்சியம். வரிச்சுருள் எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி இருக்கும்போது அச்சிலிருந்து சம தூரத்திலுள்ள இரண்டு புள்ளிகளில் புலத்தின் பருமன் வேறுபட முடியாது. இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் (b/2)(y, x, 0) என்ற சுருளற்ற, விரிவற்ற புலமாகும். வெளியே எங்கோ வைக்கப்பட்ட ஏற்றங்கள் உருவாக்கக்கூடிய புலம் அது. நம் வினாவில் அத்தகைய ஏற்றங்களே இல்லை. φ' = −bxy/2 என்பதைச் சேர்த்துப் பாருங்கள்: −∇φ' = (by/2, bx/2, 0), −∂A'/∂t = (0, −bx, 0), கூட்டினால் (b/2)(y, −x, 0) என்ற பழைய விடையே வருகிறது.

காந்தப்புலம் நேரத்தோடு மாறாத வினாக்களில் χ-இலும் நேரம் வராதபடி தெரிவு செய்தால் ∂χ/∂t பூச்சியம். φ-ஐ மாற்றத் தேவையில்லை. மாணவர்கள் முதலில் செய்து பழகுவது இத்தகைய கணக்குகளையே என்பதால், A-ஐ மட்டும் மாற்றும் பழக்கம் அங்கேதான் ஊன்றிவிடுகிறது என்பது என் கருத்து. அதனால் என் வகுப்பில் புதிய A-யை நேரடியாக எழுத விடுவதில்லை. முதலில் χ-ஐ எழுதி, அதிலிருந்து A', φ' இரண்டையும் வருவித்த பின்னரே E-க்குச் செல்ல வேண்டும். வினாவே வேறொரு A-யைத் தந்திருந்தால், பழைய A-யை அதிலிருந்து கழித்து, அந்த வித்தியாசம் எந்தச் சார்பின் படித்திறன் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். அப்படியொரு சார்பு கிடைக்காவிட்டால், புதிய A வேறொரு காந்தப்புலத்தைக் குறிக்கிறதா என்பதை அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.