காம்பு எங்கே சேர்கிறது?

பினாங்கில் ஆயர் ஈத்தாம் போன்ற இடங்களில் மழைக்குப் பிறகு கால்வாய் ஓரமெல்லாம் கெலாடி எனும் சேம்பு இனச் செடிகள் தழைத்து நிற்கும். "இது நம்ம சேப்பங்கீரைதானே, பறிக்கலாமா?" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். படத்தில் இருப்பது சேம்பாகவும் இருக்கலாம், மலாய்க்காரர்கள் பீரா என்று சொல்லும் நச்சுக் கெலாடியாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் இதய வடிவ இலை.

இலையின் அளவை நம்ப முடியாது. காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். சேம்பில் அது இலையின் பிளவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, குடையின் பிடி போல அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். மேலிருந்து எடுத்த படத்திலும் இது தெரியும்: பெரிய நரம்புகள் கூடும் புள்ளிதான் காம்பு சேரும் இடம். அதற்கும் பிளவின் முனைக்கும் நடுவே பச்சை இலை இருந்தால் சேம்பாக இருக்கலாம். வளர்ந்த பீராவில் பிளவு காம்பு வரைக்கும் போய்விடும்.

அனுப்பிய படத்தில் ஓர் இலை நுனி கீழே தொங்க, மழைத்துளிகள் வெள்ளிக் குண்டாக உருண்டு நிற்கின்றன. நரம்புகள் கூடும் புள்ளியும் உள்ளே தள்ளியே இருக்கிறது. சரி, இது சேம்பின் அடையாளம். பக்கத்தில் நிற்கும் இன்னொன்று பளபளப்பாக, நுனி வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. ஆனால் பிளவின் இரு மடல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பிளவு எங்கே முடிகிறது என்பதே மறைந்துவிட்டது. அடிப்பக்கத்தைப் படம் எடுக்காமல் அதைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. சின்னச் செடியிலும் தீர்ப்பு வேண்டாம், இளம் பீரா இலையில் காம்பு உள்ளே தள்ளியே இருக்கலாம். அழகுக்கு வளர்க்கும் வண்ணக் கெலாடியிலும் காம்பு அப்படித்தான் சேரும், அதுவும் நச்சுதான். ஆக, படம் 'வேண்டாம்' என்று சொல்ல உதவும். 'சாப்பிடலாம்' என்று சொல்ல அது போதாது.

இவ்வளவு கவனம் எதற்கு? இந்தக் குடும்பச் செடிகளின் செல்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிக்கட்டுகளாக இருக்கின்றன. கடித்ததும் அவை வாயில் குத்துகின்றன, கூடவே எரிச்சலூட்டும் புரதமும் உள்ளே போகிறது. உதடு, நாக்கு வீங்கும், தொண்டை வரை போனால் மூச்சு விடச் சிரமமாகும். சேம்பிலும் இந்த ஊசிகள் உண்டு, அதனால்தான் அதை நன்றாக வேகவைக்கிறோம். அரைவேக்காட்டில் இறக்கினால் நல்ல சேப்பங்கீரையும் தொண்டையை அரிக்கும். பீராவை வேகவைத்துச் சரிசெய்யப் பார்ப்பது ஆபத்து.

இன்னொன்று, சாலையோரத்தில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம், கழிவுநீரும் ஓடும். சரியான சேம்பாகவே இருந்தாலும் நான் அங்கே பறிக்க மாட்டேன்.

தின்றபின் நாக்கு எரிந்தால் துப்பிவிட்டு வாயை நிறையத் தண்ணீரில் கொப்பளியுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இலையின் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்தில் மருத்துவர்கள் ஆலோசனை கேட்பார்கள், அப்போது செடி எது என்று சொல்ல அந்தத் துண்டு உதவும்.