ஜிஎஸ்டி நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேட்பது எப்படி?

ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து லட்சக்கணக்கில் வரி கேட்டு ஆணை வந்ததும், சிறு தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கந்துவட்டிக்கு வாங்கி மொத்தத்தையும் கட்டுகிறார்கள். அல்லது பயந்துபோய் பேசாமல் இருந்து, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு ஓடி வருகிறார்கள். சட்டத்தில் மூன்றாவது வழி ஒன்று இருப்பதை அலுவலகத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 80ஆம் பிரிவும் 158ஆம் விதியும், நிலுவையை அதிகபட்சம் 24 மாதத் தவணைகளில் கட்டுவதற்கு அனுமதி கேட்க இடம் தருகின்றன. அனுமதிப்பது ஆணையரின் விருப்பத்துக்கு உட்பட்டது. ஆகவே கேட்கும் விதமும் கேட்கும் நேரமும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதலில், எந்தப் பாக்கிக்கு இந்த வழி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்களே ரிட்டர்னில் கணக்கிட்டுக் காட்டும் மாத வரிக்குத் தவணை கிடையாது. GSTR-3B-யில் வரும் தொகையைக் கட்ட முடியவில்லை என்று விண்ணப்பித்தால், எத்தனை காரணம் எழுதினாலும் அது நிராகரிக்கப்படும். அதிகாரி ஆய்வு செய்து GST DRC-07 போன்ற ஆணையால் விதித்த வரி, வட்டி, அபராதத்துக்கே இது பொருந்தும். தொகை 25,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தாலும் கேட்க முடியாது.

பலரை வீழ்த்தும் நிபந்தனை வேறு. ஏற்கெனவே கட்டத் தவறிய ஒரு தொகைக்கு வசூல் நடவடிக்கை தொடங்கியிருந்தால் தவணைக்குத் தகுதி இல்லை. ஆணை கிடைத்த நாளிலிருந்து பணம் கட்டச் சட்டம் தரும் பொதுவான அவகாசம் மூன்று மாதம். அதன் பிறகு வசூல் தொடங்கலாம். அதாவது தவணை கேட்க உண்மையில் உங்களுக்கு இருக்கும் காலமும் அந்த மூன்று மாதம்தான். "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று அதிகாரி வாய்மொழியாகச் சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த அதிகாரி மாறிப் போனதும், புதிதாக வந்தவர் வங்கிக்கு DRC-13 அறிவிப்பை அனுப்பினார். கூலி போட வேண்டிய சனிக்கிழமையில் நடப்புக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. தவணையை அனுமதிக்கும் DRC-21 ஆணை எழுத்தில் கையில் வரும்வரை உங்களுக்குத் தவணை கிடைத்ததாக எண்ணவே கூடாது. விண்ணப்பம் போட்டதாலேயே வசூல் நின்றுவிடும் என்றும் எண்ணக் கூடாது.

அதே மூன்று மாதத்துக்குள்தான் மேல்முறையீடும் செய்ய வேண்டும். ஆணையே தவறு என்று உங்களிடம் ஆதாரம் இருந்தால் தவணையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மேல்முறையீட்டைப் பாருங்கள். எதிர்க்கும் வரியில் 10 சதவீதத்தை முன்வைப்பாகக் கட்டினால் மீதியின் வசூல் நின்றுவிடும். கட்டத்தான் வேண்டும் என்று தெளிவான பிறகு தவணைக்கு வாருங்கள்.

விண்ணப்பப் படிவம் GST DRC-20. இதை இணையதளத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் ஆனதும் வரும் ARN எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் உங்கள் சரகத்தின் அதிகாரியிடம், உங்களால் பணம் கட்ட முடியுமா என்று ஆணையர் அறிக்கை கேட்பார். காலதாமதம் முழுவதும் நிகழ்வது இந்த இடத்தில்தான். இணையத்தில் போட்டதையே காகிதத்தில் கொண்டு வரச் சொல்வார்கள். கொண்டு போனால் சார் கேம்ப் போயிருக்கிறார் என்பார்கள். அலைய வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனாலும் ஆவணக் கட்டை முன்கூட்டியே தயாரித்து, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிவிடுங்கள். பின்னால் "நீங்கள் எதுவும் தரவில்லை" என்று எழுத முடியாமல் போகும்.

அந்தக் கட்டு ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: மொத்தமாகக் கட்ட உங்களால் முடியாது, மாதாமாதம் கட்ட முடியும். பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் உருக்கமாக எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு இவரால் தவணையும் கட்ட முடியாது என்று எழுதுவது எளிதாகிவிடுகிறது. ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வரவேண்டிய பாக்கிப் பட்டியல், வங்கிக் கடன் தவணை விவரம் ஆகியவை போதுமானவை. கணக்கில் ஏதாவது ஒரு நாளில் சீட்டுப் பணம் மூன்று லட்சம் வந்து மறுநாளே சரக்குக்குப் போயிருந்தால், அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் எங்கே போனது என்று பேனாவால் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு பதிவைக் காட்டியே மறுப்பார்கள்.

ஒரு லேத் பட்டறையின் கணக்கை உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். சரக்கு விற்றவர் அரசுக்கு வரி கட்டாததால், பட்டறைக்காரர் எடுத்த உள்ளீட்டு வரி மறுக்கப்பட்டு ஆணை வந்திருக்கிறது. வரி 2,40,000 ரூபாய், மூன்று ஆண்டு வட்டி 1,29,600, அபராதம் 24,000, மொத்தம் 3,93,600. சரக்கு, கூலி, வாடகை, வங்கித் தவணை, நடப்பு மாத ஜிஎஸ்டி எல்லாம் போக மாதம் 40,000 ரூபாய் மிஞ்சுகிறது. 12 தவணை கேட்டால் மாதம் 32,800. ஆனால் கட்டாமல் நிற்கும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தவணைக் காலத்திலும் ஓடும் என்பதால் முதல் மாதத்தில் இன்னொரு 3,600 சேரும். மிச்சத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். ஒரு பார்ட்டி பணம் தரத் தாமதித்தால் தவணை தவறும். 24 தவணை கேட்டால் மாதம் 16,400தான், ஆனால் கூடுதல் வட்டி சுமார் 45,000. 16 தவணையில் மாதம் 24,600, முதல் மாதம் வட்டியோடு 28,200, மொத்தக் கூடுதல் வட்டி சுமார் 30,600. நான் இவருக்குச் சொல்வது பதினாறு. மிஞ்சும் 40,000-த்தின் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தால், அறிக்கை எழுதுபவருக்கும் மறுக்கக் காரணம் குறையும்.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், ஒரே ஒரு தவணை உரிய தேதியில் தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். வேறு அறிவிப்பு எதுவும் தராமலே வசூலிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கருணைக் காலம் என்று அதில் எதுவும் எழுதப்படவில்லை. எனவே DRC-21 வந்தவுடன் தவணைகளின் எண்ணிக்கையையும் தேதிகளையும் பாருங்கள். நீங்கள் கேட்டதைவிடக் குறைத்தும் கொடுத்திருக்கலாம். விண்ணப்பத்திலேயே தவணைத் தேதியை 25 என்று கேட்பது நல்லது. மாதாந்திர ரிட்டர்ன் வரியை 20ஆம் தேதிக்குள் கட்டிய பிறகு, தவணையைத் திரட்டச் சில நாள்கள் கிடைக்கும். தவணைக்காக ரிட்டர்னை நிறுத்தி வைக்காதீர்கள். அது புதிய பாக்கியை உண்டாக்கும்.

பணம் கட்டும் இடத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தவணையை இணையதளத்தின் Payment towards Demand பக்கத்தில், அந்த ஆணையின் கேட்பு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கட்ட வேண்டும். பழக்கத்தில், தாமாக முன்வந்து கட்டுவதற்கான DRC-03 படிவம் வழியாகக் கட்டினால் பணம் அரசுக்குப் போய்விடும், ஆனால் அந்த எண்ணுக்கு எதிரே பாக்கி குறையாமல் நிற்கும். தவணை தவறியதாகவே கணக்கில் தெரியும். அப்படிக் கட்டியிருந்தால் 2024 ஜூலையில் அறிமுகமான DRC-03A படிவத்தில் அந்தத் தொகையை உரிய கேட்பு எண்ணோடு சேர்த்து, பாக்கி குறைந்துவிட்டதா என்பதை Electronic Liability Register-இல் அடுத்த தவணைத் தேதிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.