எதிரில் ஆளில்லாத நேர்முகப் பரீட்சை: கேள்வி தெளிவில்லாதபோது என்ன செய்வது?

கொழும்பில் கணக்காய்வு, வங்கி, மென்பொருள் துறை நிறுவனங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் பணியில் இருப்பதால், விண்ணப்பதாரிகள் தமது அறையிலிருந்தே பதிவுசெய்து அனுப்பும் காணொளிப் பதில்களைப் பார்ப்பது எனது வழக்கமான வேலைகளில் ஒன்று. மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் திறந்தால் திரையில் ஒரு கேள்வி தோன்றும். யோசிப்பதற்குப் பெரும்பாலும் அரை நிமிடமளவில் கிடைக்கும். அது முடிந்ததும் பதிவு தானாகத் தொடங்கி, குறித்த நேரத்தில் தானாகவே நின்றுவிடும். பலர் கமராவுக்குத்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, பதில்கள் அதிகம் பழுதாவது கேள்விக்கு இரண்டு பொருள் இருந்து, எதைக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான்.

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண், கணக்குப் பயிலுநர் பதவிக்கு அனுப்பிய பதிவு நினைவுக்கு வருகிறது. கேள்வி இதுதான்: 'வேலையில் நேர்ந்த ஒரு பிழையை நீங்கள் கையாண்ட சந்தர்ப்பத்தைக் கூறுங்கள்.' யாருடைய பிழை என்று அதில் இல்லை. பதிலுக்கு 90 விநாடிகள். சக ஊழியர் ஒருவர் விட்ட பிழையில் தொடங்கிய அவர், ஏறத்தாழ 35 விநாடிகள் சென்றபின் ஐயம் வந்தவராய், 'அல்லது எனது பிழையைக் கேட்கிறீர்களோ' என்று திரையைப் பார்த்துக் கேட்டார். ஒரு கணம் காத்திருந்துவிட்டு வேறொரு கதையைத் தொடங்கினார். அந்தப் பிழையை அவர் எப்படித் திருத்தினார் என்பதைச் சொல்வதற்குள் பதிவு நின்றுவிட்டது. நேரில் இருந்திருந்தால் யாராவது தலையசைத்து அவரைக் காப்பாற்றியிருப்பார்கள்.

இத்தகைய கேள்விக்கு எமது புள்ளித் தாளில் இருந்த கட்டங்கள் மூன்றுதான்: என்ன நிலைமை, இவர் தாமாக என்ன செய்தார், முடிவு என்னவாயிற்று. யாருடைய பிழை என்பதற்குக் கட்டமே இல்லை. ஆகவே அவர் எந்தப் பொருளை எடுத்திருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும். எடுத்ததை வாய்விட்டுச் சொல்லி அதிலேயே நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'எனது பிழையா மற்றவரது பிழையா என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. நான் விட்ட பிழை ஒன்றைக் கூறுகிறேன்' என்ற ஒரு வாக்கியத்துக்கு ஏழெட்டு விநாடிகள் போதும். அதைக் கேட்கும் மதிப்பீட்டாளர், இவர் கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்று எண்ண இடமில்லை.

அவருடைய இரண்டாவது கதை உண்மையில் நல்ல கதை. புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் பகுதிநேரமாக வேலை செய்தபோது, ஒரே விலைப்பட்டியலை இரு தடவை பதிந்திருக்கிறார். வழங்குநரின் கணக்குக் கூற்றோடு ஒப்பிட்டபோது 48,500 ரூபா வித்தியாசம் வரவே, பணம் செலுத்துமுன் அன்றே கணக்காளரிடம் சொல்லியிருக்கிறார். பொருள் கொண்ட விதத்தைச் சொன்னவுடனேயே, 'இரட்டைப் பதிவு ஒன்றைப் பணம் போகுமுன் கண்டுபிடித்துத் திருத்தினேன்' என்று முடிவையும் முன்னால் வைத்திருந்தால், பதிவு இடையில் நின்றாலும் மூன்றாவது கட்டம் வெறுமையாகியிராது. அதன் பிறகு, எப்படிக் கண்டார், யாரிடம் சொன்னார், அடுத்த கணக்குப் பதிவிலிருந்து விலைப்பட்டியல் இலக்கத்தை எவ்வாறு சரிபார்த்தார் என்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மீதமிருக்கும். யோசிக்கத் தரும் அரை நிமிடத்தில் முழு வாக்கியங்களை எழுத முயல்வது வீண். 'எனது பிழை, இரட்டைப் பதிவு, 48,500, அன்றே' என்று ஒரு தாளில் நான்கு குறிப்புகளைக் கிறுக்கிக்கொண்டால் போதும்.

தலையசைக்க ஆளில்லாததால் வரும் இன்னொரு கோளாறு, சொன்னதையே மீண்டும் சொல்வது. பதில் 60 விநாடிகளில் முடிந்துவிட்டால் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுங்கள். மீதி நேரத்தை நிரப்பாததற்காக நான் எவருக்கும் புள்ளி குறைத்ததில்லை. 'முன்பு கூறியதுபோல' என்பதையும் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் தனித்துண்டாகவே சேமிக்கப்படுவதால், நான்காவது பதிலைப் பார்ப்பவர் முதலாவதைப் பார்த்திராமல் இருக்கலாம்.

கேள்வியின் பொருளைத்தான் கேட்க முடியாதே தவிர, இணைப்பைத் திறக்குமுன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எத்தனை கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம், மறுபதிவுக்கு இடமுண்டா என்று தாராளமாகக் கேட்கலாம். மறுபதிவு உண்டென்றால், கடைசிப் பதிவு மட்டும் செல்லுமா அல்லது நாமே தெரிவு செய்யலாமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது தளத்துக்குத் தளம் வேறுபடும். பதிவின் நடுவே இணையம் துண்டிக்கப்பட்டால், திரையை நேரத்தோடு படம்பிடித்து அன்றே அதே முகவரிக்கு அனுப்புங்கள். அத்தகைய மின்னஞ்சல் அனுப்பிய சிலருக்கு நாங்கள் அந்தக் கேள்வியை மீண்டும் திறந்து கொடுத்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்து எழுதியவர்களுக்கு அதற்குள் தெரிவுப் பட்டியல் மூடப்பட்டிருந்தது.