ரகசியப் புகார்ப் பெட்டி: திறக்கும் உரிமை யாருக்கு?

ரகசியப் புகாருக்கென ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குபவர்கள் பலரும் முதலில் செய்வது, வரும் அஞ்சலை மூன்று பேருடைய சொந்தப் பெட்டிகளுக்கு ஃபார்வர்டு செய்வதுதான். ஐந்து நிமிட வேலை. ஆனால் புகார் அப்போதே மூன்று பிரதியாகிவிடுகிறது. மூவரில் ஒருவர் விடுப்பில் போகும்போது தன் பெட்டியை உதவியாளரிடம் ஒப்படைத்தால், நான்காவது ஆளும் படிப்பார். எனவே ஃபார்வர்டு கூடாது. புகார்கள் ஒரே தனிப் பெட்டியில் தங்க வேண்டும். விசாரிப்பவர்கள் அங்கே போய்ப் படிக்க வேண்டும்.

திறக்கும் உரிமையை ஆட்களின் பெயருக்குக் கொடுங்கள், துறைக்குக் கொடுக்காதீர்கள். ‘நிர்வாகப் பிரிவு’ என்ற குழுவுக்கு அனுமதி இருந்தால், நாளை அதில் சேருபவருக்குப் பழைய புகார்களும் திறந்துவிடும். ஒரே பாஸ்வேர்டை மூவரும் பகிர்ந்தால் யார் எப்போது நுழைந்தார் என்று தானாகப் பதியும் லாக், யார் படித்தார் என்பதைக் காட்டாது. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில், இரட்டைச் சரிபார்ப்புடன் நுழைய வேண்டும். அட்மின் நினைத்தால் தனக்கே அனுமதி தந்துகொள்ள முடியும். அதை முற்றாகத் தடுப்பது கடினம், கண்டுபிடிக்க வழி செய்யலாம்: அனுமதி மாறினால் உடனே விசாரிப்பவர்களுக்கு எச்சரிக்கை போகட்டும், அந்த லாக் அட்மினால் அழிக்க முடியாத இடத்தில் இருக்கட்டும்.

சிக்கலான இடம் இதுதான். விசாரிப்பவர்கள் அ, ஆ, இ என்று வையுங்கள். ஆ மீதே புகார் வருகிறது; அதை முதலில் திறப்பவரும் ஆ. பிறகு அவர் அனுமதியைப் பறித்து என்ன பயன்? ஆகவே மூவரின் பெயரையும் முன்கூட்டியே அறிவித்து, ‘இவர்களில் ஒருவர் மீதான புகாரா? இந்த முகவரிக்கு எழுதுங்கள்’ என்று இரண்டாவது பெட்டியைக் காட்ட வேண்டும். அதைத் திறப்பவர் இம்மூவருக்கும் கீழே வேலை செய்யாதவராக இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1937 நெறிமுறைப்படி, முறைகேட்டைத் தெரிவித்தவருக்கு 7 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒப்புகையின் தலைப்பில் ‘எண் 17’ என்பதுபோல் புகாரின் எண்ணுக்கு மேல் எதுவும் வேண்டாம், கீழே புகாரின் வாசகமும் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. பூட்டிய போன் திரையிலும் தலைப்பு தெரியும்.

கோப்புகளிலும் அந்த எண்ணே இருக்கட்டும். எண் 17 யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். எத்தனை காலம் வைத்திருப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். பேக்கப்பை மறப்பவர்களே அதிகம்: அது 90 நாள் தங்குமானால், இன்று அழித்த புகார் 90 நாள் கழித்துத்தான் உண்மையில் அழிகிறது.

பெட்டியை அறிவிப்பதற்கு முன் ஒரு சோதனைப் புகார் அனுப்புங்கள். பட்டியலில் இல்லாதவர் கணக்கிலிருந்து அதைத் திறக்கவும் தேடவும் முயலுங்கள். தேடலில் தலைப்பு மட்டும் தெரிந்தாலும், பெட்டியை இன்னும் அறிவிக்காதீர்கள்.